தமிழ்ல டைப் பண்றப்ப இந்த 'ௌ' பண்ற கூத்து

ஈரோட்டுப் பக்கம் கல்யாணப் பத்திரிக்கை அடிக்கற கடையில பழைய ஃபைலைத் திறந்து கௌசல்யான்னு தேடுவாங்க, ஒண்ணுமே வராது, ஆனா பேரு கண்ணு முன்னாடியே ஸ்கிரீன்ல இருக்குமுங்க. காரணம், அந்த ஃபைல்ல இருக்கறது கௌ இல்ல, கெ-வும் ள-வும் பக்கத்துல பக்கத்துல நிக்குது.

பழைய டைப்ரைட்டர்ல கொம்பு, க, ள-ன்னு மூணு தட்டு தட்டித்தான் கௌ வரும். அந்தக் கை பழக்கத்துல இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறப்பவும் keLasalyaa-ன்னு அடிக்கறாங்க. kausalyaa-ன்னு அடிச்சாத்தான் சரியா வரும், au-ங்கறதுதான் ௌ. பழைய ஃபான்ட்ல இருந்த மேட்டரை கன்வர்ட்டர்ல போட்டு எடுத்தாலும் இதே கோளாறு நிறைய வரும். யூனிகோட்ல ரெண்டும் வேற வேற:

```
கௌ  = U+0B95 U+0BCC
கெள = U+0B95 U+0BC6 U+0BB3
```

கண்டுபிடிக்கறது சுலபந்தானுங்க. எழுத்துக்குப் பின்னாடி கர்சரை வெச்சு பேக்ஸ்பேஸ் ஒரு தட்டு தட்டுங்க. வெறும் க மிஞ்சினா சரி, கெ மிஞ்சினா தப்பு. எக்செல்னா LEN போட்டுப் பாருங்க, கௌ-க்கு 2, கெள-வுக்கு 3. ஔவையாரும் இப்படித்தான் ஒ, ள-ன்னு பாதி எடத்துல ரெண்டா உடைஞ்சு கெடக்கறாங்க, பாவம்.

சரி, எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திடலாம்னு 'ெள' வர்ற எடத்துல எல்லாம் 'ௌ'-ன்னு ரீப்ளேஸ் ஆல் குடுத்துடாதீங்க, அதுதான் இருக்கறதுலயே பெரிய தப்பு. வெள்ளகோவில்ல இருக்கறது நெசமான ள், அது வௌ்ளகோவில்னு ஆகி புள்ளி தனியா அந்தரத்துல நிக்கும், வெளி, தெளிவு எல்லாம் கூடவே நாசமாப் போகும். கெள-வை மட்டும் மாத்தறேன்னாலும் கெளுத்தி மீன் மாட்டிக்கும். அதனால கெளசல்யா, கெளதம், கெளரவம்னு முழு வார்த்தையாவே குடுத்து மாத்துங்க.

இன்னொண்ணு நம்ம அவிநாசி. avinaasi-ன்னு அடிச்சா அவினாசின்னுதான் வரும், ஏன்னா இங்கிலீஷ் எழுத்தைத் தமிழா மாத்தற டூலோட ரூல்படி n வார்த்தை மொதல்ல வந்தா ந, நடுவுல வந்தா ன. பெருந்துறைக்குப் பிரச்சனையில்ல, பின்னாடி th வர்றதால perunthuRai-ன்னு அடிச்சா அதுவே ந் போட்டுக்கும். அவிநாசி, திருநீறு மாதிரி நடுவுல தனி ந வர்ற எடத்துல அஞ்சல்ங்கற கீபோர்டு வகை மேப்பிங்ல w அடிக்கோணும், aviwaasi, thiruwiiRu-ன்னு. சில டூல்ல w-க்கு வேற எழுத்து வரும், அதோட கீ மேப்பை ஒருக்கா பார்த்துக்குங்க.