வெளிநாட்டுக்கு விலை அனுப்பும்போது விடும் தவறுகள்

கோப்பாயில் பனையோலைப் பெட்டி பின்னும் ஒரு குழுவிடம் ஸ்காபரோ கடைக்காரர் ஒருவர் விலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இப்படித்தான் பதில் மின்னஞ்சல் போகும்: "வணக்கம் அண்ணா. பெட்டி ஒன்று 6.50 டொலர். 200 பெட்டிக்கு 1300 டொலர். வரி எல்லாம் உள்ளடக்கம்." வாசிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று வசனத்துக்குள் காசைத் தின்னும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, எந்த டொலர்? எழுதியவர் மனதில் இருந்தது அமெரிக்க டொலர். கடைக்காரர் கனடாவில் இருக்கிறார். டொலர் என்றாலே அவருக்குக் கனேடிய டொலர்தான். ஒரு அமெரிக்க டொலருக்கு 1.40 கனேடிய டொலர் என்று கணக்குப் போட்டால், 1300 கனேடிய டொலர் வெறும் 928 அமெரிக்க டொலர் சொச்சம். 371 டொலர் காணாமல் போகிறது. டொலருக்கு 300 ரூபா என்று பிடித்தால் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் ரூபா. அவர் ஏமாற்றவில்லை, மின்னஞ்சலில் இருந்ததைத்தான் அனுப்பினார். சிட்னிக்கோ சிங்கப்பூருக்கோ எழுதினாலும் இதே கதைதான். ரூபாவிலும் இந்தச் சிக்கல் உண்டு: Rs என்று மட்டும் போட்டால் இந்திய ரூபாவா இலங்கை ரூபாவா என்று தெரியாது. அதனால் $ என்ற குறியைத் தனியாக விடாமல், எண்ணுக்கு முன்னால் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போடுங்கள்: USD, CAD, LKR. ஒரு தடவை மேலே எழுதினால் போதும் என்று விடக்கூடாது. ஒவ்வொரு தொகையோடும் வரவேண்டும். கடைக்காரர் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டித் தன் கணக்காளருக்கு அனுப்புவார்.

வாங்குபவர் தன் நாட்டுக் காசிலும் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் "செலுத்தவேண்டியது USD தொகை, CAD விளக்கத்துக்கு மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அன்றன்றைக்கு எது மலிவோ அதில்தான் காசு வரும்.

இரண்டாவது ஓட்டை "வரி எல்லாம் உள்ளடக்கம்". எந்த நாட்டு வரி? எழுதியவர் நினைத்தது நம் வற் வரியை. இலங்கையில் 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். ஆனால் ஏற்றுமதிப் பொருளுக்கு அது பூச்சிய வீதம். வற் பதிவே இல்லாத குழு அதை யாரிடமும் அறவிடவே முடியாது. ஆக, இல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டேன் என்று எழுதியாகிவிட்டது. அதே சொல்லைக் கனடாவில் இருப்பவர் வேறு மாதிரி வாசிப்பார்: அங்கே துறைமுகத்தில் கட்டும் சுங்கத் தீர்வையும் 5 வீத GST-யும் விற்பவர் பொறுப்பு என்று. பிறகு அந்தப் பில் கோப்பாய்க்கு வந்துசேரும். "நீங்கள்தானே எல்லாம் உள்ளடக்கம் என்றீர்கள்?" என்று கேட்டால் பதில் இல்லை.

இதில் இன்னொரு வீண் செலவும் உண்டு. பதிவுசெய்த கனேடியக் கடை தானே இறக்குமதியாளராக நின்று GST கட்டினால், அதைப் பின்னர் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அந்தத் தொகையை நீங்கள் விலைக்குள் புதைத்தால் அவருக்குக் கழிக்க ஒன்றும் இராது. பெட்டி விலைதான் ஏறும்.

வற் பதிவுள்ளவர்கள் கடை விலையை அப்படியே எடுத்து 18 வீதத்தைக் கழிப்பதையும் பார்க்கலாம். வரியோடு 1180 ரூபா என்றால் 1.18-ஆல் வகுத்து 1000 எடுக்கவேண்டும். 18 வீதம் கழித்தால் 967.60 வரும்; பெட்டிக்கு 32 ரூபா சும்மா போகும்.

சரி, எப்படி எழுதுவது? விலை எதுவரைக்கும் என்பதைச் சர்வதேச வணிகச் சொல்லால் குறிப்பதுதான் சுருக்க வழி. விமானத்தில் அனுப்பி, ரொறன்ரோ வரை கூலியை நீங்கள் கட்டுவதானால் இப்படி எழுதினால் போதும்:

```
USD 6.50 x 200 = USD 1,300.00
CPT Toronto (YYZ), Incoterms 2020
```

CPT என்றால் கூலி உங்களுடையது, இறக்குமதித் தீர்வையும் வரியும் வாங்குபவருடையது. DDP என்று போட்டால் அவையும் உங்கள் தலையில். கீழே தமிழில் ஒரு குறிப்புச் சேர்த்தால் இன்னும் நல்லது: "இலங்கை வற் வரி இதில் இல்லை. கனடாவில் கட்டவேண்டிய தீர்வை, GST, சுங்க முகவர் கட்டணம் உங்கள் பொறுப்பு. இந்த விலை 14 நாள் செல்லும். வங்கிக் கட்டணம் கழியாமல் முழுத்தொகை எங்களுக்கு வரவேண்டும்." கடைசி வசனத்தை விட்டால், இடையில் நிற்கும் வங்கிகள் தங்கள் பங்கைக் கழித்துத்தான் அனுப்பும்.

பாரிஸுக்கு எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அங்கே காற்புள்ளிதான் தசமப்புள்ளி. 1,300 என்று எழுதினால் ஒன்று தசம் மூன்று என்று வாசிக்க இடமுண்டு. அவர்களுக்கு EUR 1300 என்று புள்ளியோ காற்புள்ளியோ இல்லாமல் எழுதிவிடுங்கள்.