பஸ் ஓட்டுநராக வேண்டுமா? காலக்கணக்கிலிருந்து தொடங்குங்கள்

1993இல் எம். வசந்தகுமாரி நாகர்கோவில் பக்கம் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். அதன் பிறகும் இந்த வேலைக்கு வந்த பெண்கள் குறைவுதான். ஆசையோடு விசாரிப்பவர்கள் பெரும்பாலும் "ஹெவி பழக எவ்வளவு ஆகும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பஸ், லாரி போன்ற கனரக வண்டியைத்தான் ஹெவி என்கிறார்கள். அதற்கு முன்னால் உட்கார்ந்து தேதிகளைக் கணக்குப் போட வேண்டும்.

1. வேலை அறிவிப்பைக் கடைசியிலிருந்து படியுங்கள்

2025இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஓட்டுநருடன் நடத்துநர் பணிக்கு ஆள் எடுத்தபோது கேட்டவை: குறைந்தது 24 வயது, பத்தாம் வகுப்பு, ஹெவி லைசென்சும் 18 மாத அனுபவமும், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று, பேட்ஜ் எனப்படும் பொதுப்பணி வில்லை, 160 செ.மீ. உயரம். அடுத்த அறிவிப்பில் இவை மாறலாம். ஆனாலும் உயரத்தை இன்றைக்கே அளந்துவிடுங்கள். பயிற்சியால் மாற்ற முடியாதது அது ஒன்றுதான். குறைந்தால் தனியார் வண்டிகளைக் குறிவைத்துத் திட்டமிடலாம்.

2. கார் லைசென்ஸை உடனே எடுங்கள்

ஹெவி எல்எல்ஆர் வாங்க, கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும்; வயதும் 20 நிறைந்திருக்க வேண்டும். ஸ்கூட்டி லைசென்ஸ் இந்தக் கணக்கில் வராது. பலருக்கு ஒரு வருடம் வீணாவது இங்கேதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பத்தாவது முடித்த 19 வயதுப் பெண் ஜூனில் காருக்கு எல்எல்ஆர் போடுகிறாள். 30 நாள் கழித்துத்தான் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு. ஆகஸ்டுக்குள் லைசென்ஸ் கைக்கு வரும். அடுத்த ஆகஸ்டில் ஹெவி எல்எல்ஆர், அக்டோபர் வாக்கில் ஹெவி லைசென்ஸ். அதிலிருந்து 18 மாதம் வேலை செய்தால் 22ஐ நெருங்கியிருப்பாள். 24க்கு இன்னும் நேரம் இருக்கிறது, பதற வேண்டியதில்லை. 34 வயதில் தொடங்குபவருக்குக் கதை வேறு. எல்லாம் முடிய 37 ஆகிவிடும். அந்த அறிவிப்பில் பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 40; பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவருக்கு 45. அவர் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

காத்திருக்கும் அந்த ஓராண்டில் முதலுதவிச் சான்றையும் நடத்துநர் உரிமத்தையும் முடித்துவிடலாம். 20 வயது ஆகிவிட்டால் வருமானத்துக்குச் சின்ன சரக்கு வண்டி ஓட்டலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிசெய்திருக்கிறது. ஆனால் அது ஹெவி அனுபவமாக எண்ணப்படாது.

3. பயிற்சிப் பள்ளியில் மணிக்கணக்கைக் கேளுங்கள்

ஹெவி லைசென்சுக்கு மருத்துவச் சான்றும் பயிற்சி முடித்ததற்குப் பள்ளி தரும் சான்றான படிவம் 5ம் வேண்டும். குறைந்தது எத்தனை நாள் பயிற்சி, அதில் நீங்களே ஸ்டியரிங் பிடிப்பது எத்தனை மணி நேரம் என்பதற்கு விதி உண்டு; அந்தக் கணக்கைச் சேரும் முன்பே பள்ளியில் கேளுங்கள். நடைமுறையில் நாலைந்து பேரை ஒரே வண்டியில் ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்து இறக்கிவிடும் இடங்கள் உண்டு. பெண் என்றால் "நீங்க பாத்துக்கிட்டே வாங்கம்மா" என்று பின்சீட்டில் உட்கார வைப்பதும் நடக்கும். தினமும் ஓட்டிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். குறைந்தால் பணம் முழுதும் கட்டும் முன்பே கேளுங்கள்.

முதல் நாள் சீட்டைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளுங்கள். கிளட்சைத் தரைவரை அழுத்தினாலும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும். கால் நீண்டு இடுப்பு நகர்ந்தால் சீட் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஏர் பிரேக். காலையில் ஸ்டார்ட் செய்ததும் காற்று ஏறி எச்சரிக்கை ஒலி அடங்கும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது.

4. அந்த 18 மாதம்

கஷ்டமான கட்டம் இதுதான். லைசென்ஸ் கையில் இருக்கும், வண்டி கொடுக்க ஆள் இருக்காது. பள்ளி வண்டிக்குப் பல வருட அனுபவம் கேட்பார்கள், அது முதல் வேலைக்குச் சரிவராது. தொழிற்சாலைகளுக்கு ஸ்டாஃப் பஸ் விடும் ஒப்பந்ததாரர்களிடம் முதலில் கேளுங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் நிறைய. பாதை மாறாது, நேரமும் முன்கூட்டியே தெரியும்.

சேரும் முன் இரண்டு கேள்வி: வண்டி இரவு எங்கே நிற்கும், இடையில் கழிப்பறை எங்கே? கடைசி டிரிப் முடிந்து ஏதோ ஊரில் வண்டியிலேயே படுக்கும் நைட் ஹால்ட் இருந்தால், பகல் ஷெட்யூல் மட்டும் வேண்டும் என்று அப்போதே பேசி முடியுங்கள்.

சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வேலையை விடும் அன்றே அனுபவச் சான்றைக் கையோடு வாங்குங்கள். அதில் வண்டி எண், வண்டியின் வகை, சேர்ந்த தேதி, விலகிய தேதி நான்கும் இருக்க வேண்டும். "நன்றாக ஓட்டினார்" என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்து 18 மாதத்தைக் காட்ட முடியாது.