‘மறந்துவிட்டார்’ என்று எழுதாமல் ஒரு பின்னாய்வு எழுதுவது எப்படி?

ஒரு திட்டம் முடிந்தபின் எது எப்படி நடந்தது என்று திரும்பிப் பார்த்து எழுதும் அறிக்கையை அலுவலகங்களில் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்கிறார்கள். பிணவறை வாடை அடிக்கும் அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது என்பதால் இங்கே பின்னாய்வு என்றே எழுதுகிறேன். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் அதை எப்படி எழுதுவது என்பதை, நான் முதலில் சொதப்பிய ஒரு பின்னாய்வை வைத்தே விளக்குகிறேன்.

திட்டம் சிறியது. வாடிக்கையாளர்களுக்குக் கட்டண நினைவூட்டல் அனுப்பும் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். ஆறு பேர் கொண்ட குழு, எட்டு வாரக் கணக்கு. பதினோரு வாரம் ஆனது. வெளியிட்ட மறுநாள் காலை சுமார் 3,800 பேருக்கு ஒரே நினைவூட்டல் இரண்டு முறை போனது. பழைய சர்வரில் தினமும் காலை ஆறு மணிக்குத் தானாக ஓடும் வேலை நிறுத்தப்படாமல் இருந்ததே காரணம்.

நான் எழுதிய முதல் வரைவில் இப்படி ஒரு வரி இருந்தது: “வெளியீட்டைச் செய்த பொறியாளர் பழைய வேலையை நிறுத்த மறந்துவிட்டார். இனி கூடுதல் கவனம் தேவை.” பெயரைப் போடவில்லை, ஆகவே யாரையும் குறை சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆறு பேர் உள்ள குழுவில் வெளியீட்டைச் செய்தவர் யார் என்று தெரியாதவர் யார்? அடுத்த கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிட மோசம், அந்த வரியிலிருந்து நாங்கள் எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை.

முதல் படி: கூட்டத்துக்கு முன்பே பதிவுகளைத் திரட்டுங்கள்

திட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் தொடங்கிவிடுங்கள். அதற்கு மேல் போனால் நினைவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகத் தொடங்கிவிடும். எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். மின்னஞ்சல், குழு உரையாடல், பணிப்பலகையில் இருந்த சீட்டுகள், நிரல் மாற்றப் பதிவு, சர்வர் பதிவு ஆகியவற்றில் நேரம் குறித்திருக்கும். அவற்றை முதலில் எடுத்து வையுங்கள்.

பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருபது நிமிடம் பேசுங்கள். பேசுபவர் அவர்களுடைய மேலாளராக இல்லாமல் இருப்பது நல்லது. ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் உடனே தற்காப்பில் இறங்கிவிடுவார். ‘அந்த நேரத்தில் உங்கள் திரையில் என்ன இருந்தது?’, ‘எதை வைத்து அது முடிந்தது என்று முடிவு செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு நியாயம் பதிலாக வரும். மற்ற இரண்டுக்கும் தகவல் வரும்.

இரண்டாம் படி: மூன்று நெடுவரிசைகள் கொண்ட காலவரிசை

நேரம், நடந்தது, அப்போது தெரிந்தது. இந்த மூன்றாவது நெடுவரிசையில்தான் முழு வேலையும் இருக்கிறது. பெரும்பாலான பின்னாய்வுகளில் முதல் இரண்டு மட்டுமே இருக்கும்; அதனால்தான் அவை குற்றப்பத்திரிகை போலத் தோன்றுகின்றன.

முடிவு தெரிந்தபின் ‘இது அப்போதே தெரிந்திருக்குமே’ என்று தோன்றுவது மனித இயல்பு. உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் இதைச் சோதித்துக் காட்டினார். ஒரு வரலாற்று நிகழ்வின் முடிவைச் சொல்லிவிட்டுக் கேட்டால், அந்த முடிவு நேர்வதற்கான வாய்ப்பு முன்பே அதிகமாக இருந்ததாக மக்கள் மதிப்பிட்டார்கள். முடிவைச் சொல்லாதபோது அப்படி மதிப்பிடவில்லை. எனவே காலவரிசையை எழுதும்போது பின்னால் நடந்ததை ஒரு கையால் மறைத்துக்கொண்டு எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலவரிசையை இரண்டாம் முறை எழுதியபோது இப்படி வந்தது.

இரண்டாம் வாரம்: வெளியீட்டன்று செய்ய வேண்டிய பதினான்கு வேலைகளை ஒரு பொது ஆவணத்தில் எழுதினோம். ஒன்பதாவது வரி: பழைய வேலையை நிறுத்த வேண்டும். அப்போது அது எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாம் வாரம்: வேலைகளைப் பணிப்பலகைக்கு மாற்றினோம். பலகை நிரல் எழுதும் பணிகளுக்காக அமைக்கப்பட்டது. சர்வரில் கையால் செய்யும் வேலைக்கு அதில் வகை இல்லை. அப்படிப்பட்ட மூன்று வரிகள் ஆவணத்திலேயே தங்கின. பலகையில் எல்லாம் வந்துவிட்டதாகவே நினைத்தோம்.

ஏழாம் வாரம்: இரண்டு ஒத்திகைகள். இரண்டும் வெற்றி. சோதனைச் சூழலில் பழைய சர்வரே இல்லை. ஆகவே செய்தி இரண்டு முறை போக அங்கே வழியில்லை.

ஒன்பதாம் வாரம்: பழைய வேலையை முதலில் அமைத்தவர் வேறு குழுவுக்கு மாறினார்.

பதினோராம் வாரம், வியாழன் மாலை 5.30: வெளியீடு. பொறியாளர் பலகையில் இருந்த எல்லாச் சீட்டுகளையும் முடித்தார். அவர் திரையில் மிச்சம் எதுவும் இல்லை.

வெள்ளி காலை 6.00: இரண்டு மென்பொருளும் ஓடின. 6.40-க்கு முதல் புகார். 7.15-க்குப் பழைய வேலை நிறுத்தப்பட்டது.

இப்போது அந்தப் பழைய வரியைப் படித்துப் பாருங்கள். ‘மறந்துவிட்டார்’ என்பது குறை மட்டுமல்ல, பொய்யும்கூட. தன் முன்னால் இல்லாத ஒன்றை ஒருவர் எப்படி மறக்க முடியும்?

மூன்றாம் படி: வினைச்சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு. நம் துணைவினைகளே தீர்ப்புச் சொல்லிவிடும். ‘அமைப்பை மாற்றினார்’ என்பது செய்தி. ‘அமைப்பை மாற்றிவிட்டார்’ என்றால் போச்சு என்று ஒரு பெருமூச்சும் சேர்ந்துகொள்கிறது. ‘கேட்கவில்லை’ என்பதற்கும் ‘கேட்கக்கூட இல்லை’ என்பதற்கும் உள்ள தூரம் ஒரு ‘கூட’தான். அதற்குள் ஒரு வசவு ஒளிந்திருக்கிறது.

அடுத்து ‘சரிபார்த்திருக்க வேண்டும்’, ‘சொல்லியிருக்கலாம்’ போன்ற வடிவங்கள். இவை நடக்காத ஒன்றைப் பற்றிப் பேசுகின்றன. நடந்ததை விளக்க அவை உதவாது. வரைவில் ‘ருக்க வேண்டும்’, ‘ருக்கலாம்’ என்று தேடி, அகப்படும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘நடந்தது என்ன, அது ஏன் அப்போது சரியாகத் தோன்றியது’ என்று மாற்றி எழுதுங்கள். ‘பொறியாளர் ஆவணத்தையும் பார்த்திருக்க வேண்டும்’ என்ற வரி, ‘ஐந்தாம் வாரத்துக்குப் பின் ஆவணத்தை யாரும் திறக்கவில்லை, பலகையே முழுப் பட்டியல் என்று ஆறு பேரும் கருதினோம்’ என்றானது. இரண்டாவது வரியில் திருத்துவதற்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

இதற்குப் பயந்துகொண்டு எல்லாவற்றையும் செய்தவர் தெரியாத வினைகளில் எழுதுபவர்களும் உண்டு. ‘தவறு நிகழ்ந்தது’, ‘பணி விடுபட்டது’ என்று யாருமே இல்லாத வீட்டில் பாத்திரம் உருண்ட கதையாக இருக்கும். அப்படி எழுதினால் யார் எதைப் பார்த்து முடிவெடுத்தார் என்பதும் மறைந்துபோகும். ஆட்களை மறைக்காதீர்கள்; பணியின் பெயரால் குறிப்பிடுங்கள், செய்ததை நேரடியாகச் சொல்லுங்கள், அதற்கான காரணத்தை அதே வாக்கியத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நான்காம் படி: ஒரே காரணத்தில் நிற்காதீர்கள்

2017 ஜனவரி 31-இல், நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணைத் தரவுத்தள சர்வரில் அழிக்க நினைத்த கோப்பகத்தை முதன்மை சர்வரில் அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியது. ‘தவறான சர்வரில் கட்டளை கொடுத்தார்’ என்று அறிக்கையை முடித்திருக்கலாம். அவர்கள் மேலும் தோண்டி, கண்டதை வெளிப்படையாக வெளியிட்டார்கள். தினமும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்புநகல், மென்பொருள் பதிப்புப் பொருந்தாததால் எடுக்கப்படவே இல்லை. அது தோல்வியுற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. கைதவறியவரைக் கண்டித்துவிட்டுப் போயிருந்தால் இந்த இரண்டும் அப்படியே கிடந்திருக்கும்.

எங்கள் காலவரிசையில் நான் தாமதமாகக் கவனித்தது, 6.40-க்கும் 7.15-க்கும் இடையே போன 35 நிமிடம். புதிய மென்பொருளின் பதிவு, ஒவ்வொரு செய்தியும் ஒருமுறைதான் போனதாகச் சரியாகவே காட்டியது. குழுவோ புதிய நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தது. யார் நிறுத்தவில்லை என்ற கேள்வியிலேயே நின்றிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஐந்தாம் படி: மூன்று செயல்கள் போதும்

‘கவனமாக இருத்தல்’, ‘தகவல் தொடர்பை மேம்படுத்துதல்’ என்பவை செயல்கள் அல்ல. அவை முடிந்தனவா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு செயலுக்குப் பொறுப்பாளர், தேதி, முடிந்தது என்பதற்கான சான்று ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். எங்களுடையவை இவை: பலகையில் கையால் செய்யும் பணிக்கு ஒரு வகை சேர்ப்பது, சோதனைச் சூழலில் பழைய மென்பொருளின் நகல் ஒன்றையும் ஓடவிட்டு ஒத்திகை பார்ப்பது, ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே நாளில் அதே நினைவூட்டல் இரண்டாம் முறை வந்தால், எந்த மென்பொருள் அனுப்பினாலும், செய்தி அனுப்பும் வாயிலிலேயே தடுப்பது.

மூன்றாவதுதான் வலுவானது. யாருடைய நினைவையும் நம்பாமல் அது வேலை செய்யும்.

ஆறாம் படி: சம்பவத்துக்கு மிக அருகில் இருந்தவர் முதலில் படிக்கட்டும்

எல்லோருக்கும் அனுப்புமுன் வரைவை அவரிடம் கொடுங்கள். ‘இதில் நீங்கள் இல்லாத அறையில் வாசித்தால் சங்கடப்படும் வரி உண்டா? நடந்ததற்கு மாறான வரி உண்டா?’ என்று இரண்டையும் கேளுங்கள். எங்கள் பொறியாளர் ஒரே ஒரு இடத்தைத் திருத்தினார். வெளியீடு முதலில் செவ்வாய் காலைக்குத்தான் திட்டமிடப்பட்டிருந்தது. ஒப்புதல் தாமதமாகி வியாழன் மாலைக்குத் தள்ளிப்போனது. காலையில் என்றால் இன்னொருவர் உடனிருந்திருப்பார். காலவரிசையில் நான் அதை எழுதவே இல்லை.

ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே செய்த சேதமோ பணமோசடியோ பின்னாய்வுக்குரிய விஷயமல்ல. அதற்கு வேறு விசாரணை உண்டு. அதேபோல் இந்த அறிக்கையை ஆண்டு மதிப்பீட்டுக்கு ஒரு முறை பயன்படுத்தினால் போதும், அடுத்த பின்னாய்வில் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

முப்பது நாள் கழித்துச் செயல்பட்டியலைத் திறந்து பாருங்கள். நாங்கள் பார்த்தபோது முதலும் மூன்றும் முடிந்திருந்தன. ஒத்திகைச் சூழல் வேலை தொடங்கவே இல்லை. அதற்குப் பொறுப்பாளராக எழுதியிருந்தது என் பெயர். பலகையில் அதற்கு ஒரு சீட்டுப் போட்டோமா என்று தேடினேன். அறிக்கை ஆவணத்தில் மட்டும்தான் இருந்தது.