ஃப்ரீக்வென்சி செபரேஷன்: சருமத் திட்டுகளை நீக்கும்போது முகம் பிளாஸ்டிக் ஆவது எங்கே?

போர்ட்ரெய்ட் ரீடச்சிங்கில் இதை அடிக்கடி பார்க்கலாம். படத்தைப் பெரிதாக்கினால் சருமத் துளைகள், மெல்லிய ரோமங்கள் எல்லாம் இருக்கும். முழுப் படமாகப் பார்த்தால் மட்டும் முகம் பொம்மை மாதிரி தெரியும். டெக்ஸ்சர் கெடவில்லை, பிறகு எது கெட்டது? பெரும்பாலும் கீழ் லேயர்தான்.

ஃப்ரீக்வென்சி செபரேஷன் படத்தை அளவு வாரியாக இரண்டாகப் பிரிக்கிறது. துளை, ரோமம், மெல்லிய சுருக்கம் போன்ற நுண்ணிய விவரங்கள் மேல் லேயருக்குப் போகும். அதைவிடப் பெரியதெல்லாம் கீழே தங்கும். கீழ் லேயரில் நிறம் மட்டும்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. கன்னம் எப்படி உருண்டிருக்கிறது, கண்ணுக்குக் கீழே எவ்வளவு பள்ளம், மூக்கின் ஓரத்தில் நிழல் எங்கே தொடங்குகிறது என்று முகத்துக்கு வடிவம் தரும் வெளிச்சம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. திட்டைப் போக்க அதை மொத்தமாக ப்ளர் செய்தால் வடிவமும் சேர்ந்து கரைந்துவிடும். தட்டையான பரப்பின் மேல் துளைகள் மட்டும் மிச்சமிருக்கும். கண் அதைத்தான் பிளாஸ்டிக் என்று படிக்கிறது.

அடுத்தது, பிரிக்கும் இடத்திலேயே நடக்கும் தவறு. ஃபோட்டோஷாப்பில் லேயரை இரண்டு பிரதி எடுத்து, கீழுள்ளதற்கு Gaussian Blur கொடுக்கிறோம். மேலுள்ளதில் Apply Image திறந்து, கீழ் லேயரைத் தேர்ந்தெடுக்கிறோம். 8 பிட் படம் என்றால் Subtract, Scale 2, Offset 128. 16 பிட் என்றால் Add, Invert, Scale 2, Offset 0. அப்புறம் மேல் லேயரை Linear Light முறைக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரு குரூப்பில் போட்டு, குரூப்பை அணைத்து அணைத்துப் பாருங்கள். படத்தில் எதுவுமே மாறக் கூடாது. மாறினால் எண்களிலோ, தேர்ந்தெடுத்த லேயரிலோ பிசகு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

ப்ளர் ரேடியஸுக்கு எங்கோ படித்த எண்ணை எல்லாப் படத்துக்கும் போடுவது பலரின் பழக்கம். ரேடியஸ் குறைவாக இருந்தால் துளைகளின் நிழல் கீழ் லேயரிலேயே தங்கி, நாம் அங்கே மென்மையாக்கும்போது அழிந்துபோகும். அதிகமாக இருந்தால் சின்னத் திட்டுகள் மேல் லேயருக்கு ஏறிவிடும், கீழே எவ்வளவு உழைத்தாலும் அவை போகாது. படத்தை 100% அளவில் வைத்து ரேடியஸைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். துளைகள் மறைந்து, திட்டின் வடிவம் இன்னும் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். முகம் படத்தில் எத்தனை பிக்சல் என்பதைப் பொறுத்து அந்த இடம் மாறும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 4000 × 6000 பிக்சல் படம், அதில் முகத்தின் உயரம் சுமார் 2500 பிக்சல். இடது கன்னத்தில் 150 பிக்சல் அகலத்துக்குச் சிவந்த திட்டு. ரேடியஸ் 10 அளவில் துளைகள் மறைந்து திட்டு நன்றாகத் தெரிகிறது, பிரித்தாயிற்று. இங்கே வழக்கமாகச் செய்வது, லாசோவால் கன்னத்தைச் சுற்றி வளைத்து 30, 40 என்று ப்ளர் அடிப்பது. திட்டு மங்கும், கன்ன எலும்பின் மேலிருக்கும் வெளிச்சமும் கூடவே மங்கும்.

அதற்கு முன் திட்டு என்பது நிற வேறுபாடா, வெளிச்ச வேறுபாடா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே 50% சாம்பல் Solid Color லேயர் ஒன்றைப் போட்டு Color முறைக்கு மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகும், வெளிச்சம் மட்டும் தெரியும். அதே லேயரை Luminosity முறைக்கு மாற்றினால் நிறம் மட்டும் தெரியும். நம் உதாரணத்தில் கறுப்பு வெள்ளையில் திட்டு லேசான நிழலாக மட்டுமே இருக்கிறது. நிறத்தைப் பார்க்கும்போது பளிச்சென்று சிவப்பு. அதாவது பிரச்சினையில் பெரும்பங்கு நிறம்தான். இதற்கு ப்ளரே தேவையில்லை.

சோதனை லேயரை அணைத்துவிட்டு, இரண்டு லேயர்களுக்கும் நடுவில் Color முறையில் ஒரு வெற்று லேயர் சேர்க்கிறோம். பக்கத்திலுள்ள நல்ல சருமத்திலிருந்து நிறம் எடுத்து, ஓரம் மென்மையான பிரஷால், Flow 5 முதல் 10% வைத்து மெதுவாகப் பூசுகிறோம். ஐட்ராப்பரில் Sample அமைப்பு Current & Below ஆகவும், Sample Size 11 by 11 Average ஆகவும் இருக்கட்டும். All Layers என்று விட்டால் மேல் லேயரின் துளைப் புள்ளிகளும் நிறத்தில் கலந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு சாயல் வரும். Color முறை வெளிச்சத்தைத் தொடுவதில்லை என்பதால் கன்னத்தின் உருண்டை வடிவம் அப்படியே நிற்கும்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. ஓரிடத்தில் எடுத்த நிறத்தை முகம் முழுக்க இழுத்துவிடுவார்கள். நெற்றி, கன்னம், வாயோரம் மூன்றும் இயல்பிலேயே ஒரே நிறமாக இருக்காது. அந்த வேறுபாடு போனால் முகம் கழுத்திலிருந்து பிரிந்த முகமூடி மாதிரி ஆகிவிடும். சில பூச்சுக்கு ஒருமுறை நிறத்தைப் புதிதாக எடுங்கள். முடித்ததும் லேயரின் Opacity-யை 70% அளவுக்கு இறக்கிப் பாருங்கள். எனக்கு அநேகமாக அதுதான் சரியாகப் படுகிறது.

சிவப்பு போன பிறகு அதே இடத்தில் மங்கலான பழுப்பு நிழல் மிஞ்சும். இதைப் பார்த்ததும் மறுபடி நிறம் பூசக் கூடாது, மிஞ்சியது வெளிச்சம். அதே நடு இடத்தில் ஒரு Curves லேயர் போட்டு, நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, நிழல் உள்ள இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷால் தொட்டால் போதும். மேல் லேயருக்குக் கீழே இருப்பதால் துளைகளின் கான்ட்ராஸ்ட் மாறாது.

ப்ளர் செய்தே ஆக வேண்டிய இடமும் வரும். ரேடியஸ் சிறிதாக, தேர்வு சிறிதாக, Feather போதுமான அளவில் இருக்கட்டும். தாடைக் கோடு, உதடு, தலைமுடி பக்கம் போகும்போது கவனம் தேவை. தேர்வுக்கு வெளியே இருக்கும் பிக்சல்களையும் ஃபோட்டோஷாப்பின் ப்ளர் கணக்கில் எடுத்துக்கொள்ளும். முடியைத் தேர்வில் சேர்க்காவிட்டாலும் அதன் கருமை உள்ளே கசிந்து, நெற்றியோரம் அழுக்குக் கறை போலத் தெரியும். ரேடியஸ் 15 என்றால் ஓரத்திலிருந்து 30, 40 பிக்சலாவது தள்ளியே நில்லுங்கள்.

எண்ணெய்ப் பசையால் முழு வெள்ளையாக வெளிறிய இடத்தில் மேலே சொன்ன Color லேயர் உதவாது. அங்கே வெளிச்சம் உச்சத்தில் இருப்பதால் எந்த நிறமும் ஒட்டாது. ப்ளர் செய்தாலோ வெண்மை சுற்றிலும் பரவும். அதற்கு மட்டும் நடுவில் Darken முறையில் தனி லேயர் வைத்து, பக்கத்துச் சரும நிறத்தை Opacity 15% அளவில் தொட்டுத் தொட்டு ஏற்றுங்கள். பளபளப்பு பாதி குறைந்ததும் நிறுத்திவிடலாம். மீதிப் பளபளப்பு இருந்தால்தான் அந்த இடத்துக்கு வளைவு இருக்கும்.