கைப்பிள்ளைக்காரிக்குக் கழுத்தளவு முடிவெட்டு

இடுப்பளவு முடியைச் சிக்கெடுத்துப் பின்னி முடிப்பதற்குள் பிள்ளை எழும்பிவிடும். ஹட்டன் பக்கத்து மழைக்காலத்தில் தலைக்குக் குளித்தால் அந்திவரை காயாது. தம்பி பெண்சாதிக்கு நான் வீட்டில் வெட்டிவிட்ட முறை இது. ஒரே நீளம், அடுக்கும் இல்லை, நெற்றிமுடியும் இல்லை.

நெற்றிமுடி வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளை பிறந்து மூன்று மாதமளவில் பலருக்கு முடி கொத்தாக உதிரும். வெட்டினால் அது நிற்காது. பெரும்பாலும் ஒரு வருசத்துக்குள் தானாகவே சரியாகும். ஆனால் புதுமுடி நெற்றியோரம் குத்திட்டு முளைக்கும். அதோடு நெற்றிமுடியும் சேர்ந்தால் காலையில் அதை அடக்குவதே வேலை.

நீளம், முன்பக்கம் நாடிக்குக் கீழே இரண்டு விரல். அதைவிடக் குறைந்தால், குனிந்து பால் கொடுக்கும்போது காதுக்குப் பின்னால் நிற்காது. கொழுந்துக்குப் போகிறவர் என்றால் கட்டக்கூடிய தோளளவே நல்லது. கூடைக் கயிற்றுக்கு அடியில் குட்டை முடி பிதுங்கும்.

1. முதலில் முடியைப் பிடரியில் தளர்வாகக் கட்டி, வேண்டிய நீளத்துக்கு நாலு விரல் கீழே வெட்டிவிடுங்கள். இதையே கடைசி வெட்டாக வைக்காதீர்கள். அவிழ்த்தால் பிடரி குட்டையாகவும் முன்பக்கம் நீளமாகவும் நிற்கும். துணி வெட்டிய கத்தரிக்கோல் வேண்டாம், மழுங்கியிருந்தால் முடி நழுவும்.

2. முடியை நனைத்துச் சீவி, நெற்றியிலிருந்து பிடரிவரை நடு வகிடு எடுங்கள். பிடரியில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியை விட்டு, மிச்சத்தை மேலே கிளிப் போடுங்கள்.

3. தலையைச் சற்றுக் குனியச் சொல்லி, முடியைக் கழுத்தோடு படியச் சீவி நேராக வெட்டுங்கள். ஈரமுடி காய்ந்தால் மேலே ஏறும். ஆகவே அரை அங்குலம் கூட விடுங்கள். சுருட்டை முடிக்கு ஒரு அங்குலம். இதுதான் அளவுக்கோடு.

4. மேல்முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அடியில் தெரியும் கோட்டுக்கே வெட்டுங்கள். தூக்கிப் பிடித்து வெட்டினால் அடுக்கு விழுந்துவிடும்.

5. பக்கமுடிக்குத் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். கோணல் வருவது அநேகமாக இங்கேதான். காதுக்கு மேலாக இழுத்து வெட்டினால், விட்டதும் அந்த இடம் மட்டும் மேலேறிக் குழி விழும். இழுக்காமல் சீப்பால் படியவைத்து வெட்டுங்கள். பிள்ளை அழுதால் அம்மா திரும்பத்தான் செய்வார். கத்தரியை எடுத்துவிட்டு, திரும்பச் சீவித் தொடருங்கள்.

6. இரு பக்க முன்முடியையும் நாடிக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். காய்ந்தபிறகு நீளமான பக்கத்தை மட்டும் திருத்துங்கள். இரு பக்கத்தையும் மாறி மாறி வெட்டிச் சரிக்கட்டப் போனால் காதுவரை போய்விடும்!

வெட்டிய முடியை உடனே கூட்டி அள்ளுங்கள். நம் குளிருக்குப் பிள்ளை எந்நேரமும் காலுறையோடுதான் இருக்கும். உள்ளே புகுந்த ஒரு நீள முடி விரலைச் சுற்றி இறுக்கிவிடலாம். உதிர்கிற காலம் முழுவதும் காலுறையைப் புரட்டிப் பாருங்கள். விரல் சிவந்து வீங்கி, முடியை எடுக்க முடியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.