கண் எரியாத சன்ஸ்கிரீன்

காரைக்குடி வெயிலில் பத்து மணிக்கே பொட்டலில் கிரிக்கெட் ஆடக் கிளம்பும் என் மகன், சன்ஸ்கிரீன் டியூபைக் கண்டாலே வளவைத் தாண்டி ஓடுவான். அடம் என்றுதான் நினைத்தேன். விசாரித்தால், வியர்வையோடு கிரீம் வழிந்து கண் எரிந்திருக்கிறது.

இப்போது ஜிங்க் ஆக்சைடு உள்ள, வாசனையில்லாத, வியர்வை தாங்கும் எஸ்.பி.எஃப். 30 வாங்குகிறேன். நெற்றிக்கும் கண்ணோரத்துக்கும் ஸ்டிக் வகை. அது அவ்வளவாக வழியாது. ஆனால் ஒரு இழுப்பு போதாது, அதே இடத்தில் நாலு முறை தேய்க்க வேண்டும். மாநிறத்தில் கொஞ்சம் வெள்ளை தெரியும், அப்பத்தா சிரிப்பார், போகட்டும்.

மூக்கிலும் கன்னத்திலும் கண்ணாடி பார்த்து அவனே புள்ளி வைத்துத் தடவுகிறான். காது நுனியும் பின்கழுத்தும் என் பொறுப்பு. கிளம்பக் கால்மணி நேரம் முன்பே பூசிவிடுவோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், துண்டால் ஒற்றிவிட்டு மறுபடி.