மார்க்கப் வேற, மார்ஜின் வேற, சட்டை விலை போடும்போது குழப்பிக்காதீங்க

50 சட்டை ஹோல்சேல்ல எடுக்குறீங்கன்னு வச்சுக்கோங்க, பில் 19,000, வண்டி வாடகை 1,000, ஆக ஒரு சட்டை அடக்கம் 400 (நிறைய பேர் வாடகைய சேர்க்காம 380ன்னு கணக்கு போடுவாங்க, அங்கயே முதல் தப்பு).

இப்போ 25 சதவீதம் லாபம் வேணும்னு 400 மேல 100 ஏத்தி 500க்கு விக்கிறீங்க. இது அடக்க விலை மேல 25, அதாவது மார்க்கப். ஆனா கல்லாவுல விழுற 500ல உங்க லாபம் 100 தான், அப்போ விற்பனை விலையில 20 சதவீதம் தான் மார்ஜின். கடை வாடகை, சம்பளம் எல்லாத்தையும் விற்பனையில இத்தன சதவீதம்னு தான பாக்குறோம், அதனால மார்ஜின தான் அதோட ஒப்பிடணும்.

உண்மையிலயே 25 மார்ஜின் வேணும்னா அடக்கத்த 0.75ஆல வகுங்க:

```
400 ÷ (1 − 0.25) = 533.33
```

533ன்னு வச்சா லாபம் 133, மார்க்கப்பா பாத்தா 33 சதவீதத்துக்கு மேல.

இது எங்க கடிக்கும்னா தள்ளுபடில தான். "25 ஏத்திருக்கோம், 25 தள்ளுபடி குடுத்தா அசலாவது வந்துரும்"னு நெனச்சு குடுப்போம், ஆனா தள்ளுபடி கழியறது 500ல இருந்து, 125 போயி 375 தான் கைக்கு வரும், சட்டைக்கு 25 நஷ்டம். 500க்கு விக்கிற சட்டைக்கு 20 சதவீதம் வரைக்கும் தான் தாங்கும், அதுலயும் லாபம் சுத்தமா பூஜ்யம்.